ரெகே க்ரூவ் நெரிசலாகக் கேட்கிறதா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

ஒரு தம்பி தான் பதிவு செய்த ரெகே துண்டு ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். வேகம் 72. ஏ மைனரில் ஒரு பார், டி மைனரில் ஒரு பார், இதே இரண்டு பார் திரும்பத் திரும்ப வரும். டிரம்முக்கு ஒரு எளிய லூப், அதன் மேல் கிடார், பேஸ் இரண்டையும் அவரே வாசித்திருந்தார். கூடவே ஒரு வரி: "எல்லாம் சரியான இடத்துலதான் விழுது அண்ணா, ஆனா கேட்டா மூச்சு முட்டுது."

கேட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். ஒரு நோட்டும் தாளம் தப்பவில்லை, ஆனால் இரண்டு நோட்டுக்கு நடுவில் மௌனம் என்று ஒன்று எங்குமே இல்லை. அந்தத் துண்டை நான்கு சுற்றாகத் திருத்தினோம். ஒன்றைச் சரிசெய்ததும் அடுத்த கோளாறு தலைகாட்டியது. அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். உங்கள் க்ரூவில் எந்த அறிகுறி தெரிகிறதோ அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் எண்ணிக்கை பற்றிய முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

## முதலில் எண்ணிக்கை

ஆஃப்பீட்டைப் பிடிக்கத் தமிழில் எண்ணுவது ரொம்ப வசதி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று நாலு எண்ணுக்கும் இரண்டிரண்டு அசை. முதல் அசை காலைத் தரையில் தட்டும்போது, இரண்டாவது அசை காலைத் தூக்கும்போது. ஆக ஒரு பாருக்கு எட்டு இடங்கள்: ஒண், ணு, ரெண், டு, மூ, ணு, நா, லு. ரெகே கிடாரின் 'சக்' விழுவது இரண்டாம் அசைகளில் மட்டும். அதைத்தான் ஸ்கேங்க் என்கிறார்கள். தாளம் போட்டுப் பாடிப் பழகியவர்களுக்கு இதை அரை இடம் எடுப்பு என்று சொன்னாலே போதும், கை தானாக வந்துவிடும்.

டிரம் லூப்பில் இருந்தது ஒன் டிராப். கிக்கும் ரிம்மும் சேர்ந்து 'ரெண்' மேலும் 'நா' மேலும் விழும், 'ஒண்' காலியாக இருக்கும். சிலர் இதே க்ரூவை 144 என்று எண்ணுவார்கள். அப்போது கிடார் ரெண்டிலும் நாலிலும் விழும், டிரம்மின் பெரிய அடி மூணில் விழும். இரண்டும் ஒரே இசைதான், அளவுகோல் மட்டும்தான் வேறு. கூட வாசிப்பவர் எந்தக் கணக்கில் எண்ணுகிறார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். "ரெண்டாவது அடியில வெட்டு" என்று ஒருவர் சொன்னதை மற்றவர் வேறு இடம் என்று எடுத்துக்கொண்டால் பாதிப் பொழுது அதிலேயே போய்விடும். இங்கே நான் எழுதுவது முழுக்க 72 கணக்கில்.

## அறிகுறி: கிடார் 'சக்' என்று நிற்காமல் 'சாங்' என்று இழுபடுகிறது

மற்ற எல்லாவற்றையும் ம்யூட் செய்துவிட்டு கிடாரை மட்டும் கேளுங்கள். திரையில் அதன் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே கோடு தட்டையாகப் படுத்திருக்க வேண்டும். தம்பியின் பதிவில் ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் ஒரு வால் நீண்டு அடுத்த வெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. 72 வேகத்தில் ஒரு அசையின் நீளம் சுமார் 417 மில்லிசெகண்ட். கார்டு அதில் பாதிகூட ஒலிக்கக் கூடாது. என் காதுக்கு 100லிருந்து 150 மில்லிசெகண்டுக்குள் அறுந்துவிட்டால்தான் ரெகே. மிச்ச நேரம் முழுவதும் மௌனம்.

காரணம் பெரும்பாலும் வலது கையில் இருக்காது. அடிப்பது வலது கை, அறுப்பது இடது கை. கம்பியை அழுத்திய விரல்களை அடித்த உடனே தளர்த்த வேண்டும். தளர்த்துவது வேறு, எடுப்பது வேறு. விரலைக் கம்பியிலிருந்து முழுக்க எடுத்தால் திறந்த கம்பிகள் ஒலிக்கத் தொடங்கும். விரல் கம்பியைத் தொட்டபடியே இருக்கட்டும், ஃப்ரெட் மீது கம்பி படாத அளவுக்கு மட்டும் அழுத்தம் குறையட்டும்.

தம்பி இதைச் செய்து மறுபடி அனுப்பினார். ஏ மைனரில் மட்டும் ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் மெல்லிய மணியோசை ஒன்று கேட்டது. அவருக்குக் காரணம் புரியவில்லை. அவர் ஐந்தாம் ஃப்ரெட்டில் மெல்லிய மூன்று கம்பிகளை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் அழுத்தியிருந்தார். ஐந்தாம் ஃப்ரெட் ஹார்மானிக் பிறக்கும் இடம். அங்கே ஒரே விரல் லேசாகத் தொட்டபடி இருந்தால் கம்பி அடங்காது, மணி மாதிரி பாடும். ஏழாம், பன்னிரண்டாம் ஃப்ரெட்டுகளிலும் இதே கதைதான். தீர்வு சுலபம்: அழுத்தத்தைத் தளர்த்தும் அதே கணத்தில் நடுவிரலும் மோதிர விரலும் கம்பிகள் மேல் படுத்துவிட வேண்டும். இரண்டு இடத்தில் தொட்டால் கம்பி உடனே செத்துவிடும்.

கார்டின் வடிவமும் இடம் விடுவதில் சேர்ந்ததே. அவர் முதலில் ஆறு கம்பிகளையும் சேர்த்து அடித்துக்கொண்டிருந்தார். தடித்த கம்பிகள் பேஸின் வீட்டுக்குள் நுழைகின்றன. எனவே மெல்லிய மூன்று மட்டும் போதும். ஏ மைனருக்கு மூன்று கம்பியும் ஐந்தாம் ஃப்ரெட்டில். டி மைனருக்கு தடித்த கம்பியிலிருந்து மெல்லியதை நோக்கி ஏழு, ஆறு, ஐந்து. மெல்லிய கம்பியின் ஏ இரண்டு கார்டுக்கும் பொதுவாக அங்கேயே நிற்கும். கை நகர்வது ஒரு அங்குலம்தான், மாறும்போது சறுக்கல் சத்தமும் வராது.

கீழ்நோக்கி அடிப்பதா மேல்நோக்கி அடிப்பதா என்று அவர் கேட்டார். இரண்டும் சரி. கீழ்நோக்கி அடித்தால் கொஞ்சம் தடிப்பு, மேல்நோக்கி அடித்தால் மெல்லிசு. நான் கீழ்நோக்கியே அடிப்பேன், ஏனென்றால் மூன்று கம்பியும் ஒரே கணத்தில் ஒலிப்பது போல் வெட்டுவதற்கு அதுதான் எனக்கு வசதி. பெரிய சிக்கல் வேறு: எஃபெக்டில் ரிவர்ப் போட்டுவிட்டு, விரலால் அறுத்ததையெல்லாம் அதன் வாலால் திரும்ப நிரப்பிவிடுவது. இந்தக் கட்டத்தில் ரிவர்ப் முழுதாக அணைந்திருக்கட்டும்.

## அறிகுறி: கிடார் சுத்தம், ஆனால் மொத்தமாகக் கேட்டால் இன்னும் நெரிசல்

இப்போது பேஸுக்கு வருவோம். சொல்ல வேண்டியது அதிகம் இருப்பது இங்கேதான். தம்பியின் முதல் பேஸ் வரி இது. ஒவ்வொரு அசைக்கும் ஒரு நோட்.

```
       ஒண் | ணு | ரெண் | டு | மூ | ணு | நா | லு
பார் 1:  ஏ  | ஏ  |  சி   | ஏ  | இ  | இ  | ஜி | இ
பார் 2:  டி | டி |  எஃப் | டி | ஏ  | ஏ  | சி | ஏ
```

இரண்டு பாரில் பதினாறு நோட். எல்லாமே கார்டுக்குப் பொருந்தும் நோட்டுகள்தான், ஆனால் கிடார் வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் பேஸும் ஒரு நோட்டைத் தொடங்குகிறது. 'சக்' தனியாகத் தெரியவே வழியில்லை. "நோட்டைக் குறைச்சுப் பாருங்க" என்றேன். அவர் பாதியாகக் குறைத்தார்.

```
       ஒண் | ணு | ரெண் | டு | மூ | ணு | நா | லு
பார் 1:  ஏ  | ·  |  சி   | ·  | இ  | ·  | ஜி | ·
பார் 2:  டி | ·  |  எஃப் | ·  | ஏ  | ·  | சி | ·
```

நெரிசல் போய்விட்டது, ஆனால் ரெகேயும் சேர்ந்து போய்விட்டது. பேஸ் ஒரு அடி, கிடார் ஒரு அடி, டும்-சக் டும்-சக் என்று அணிவகுப்புக்கு வாசிக்கும் பேண்டு மாதிரி ஆகிவிட்டது. இது ரெகே எழுதத் தொடங்குகிற பலரும் விழும் குழி. இடம் விடுவது என்றால் நோட்டைக் குறைப்பது என்று நினைக்கிறோம். எட்டு நோட்டைச் சமமாகப் பரப்பினால் எட்டு சின்னச் சின்ன இடைவெளிதான் கிடைக்கும். அவற்றில் ஒன்றுகூட மௌனமாகக் காதில் பதியாது, அடுத்த நோட்டுக்குக் காத்திருக்கும் நேரமாகவே கடந்துபோகும். பெரிய இடைவெளி வேண்டுமானால் நோட்டுகளை ஓரிடத்தில் நெருக்கிப் போட்டுவிட்டு இன்னோரிடத்தை ஒட்டுமொத்தமாகக் காலி செய்ய வேண்டும்.

ஜமைக்காவின் இசை வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1960களின் தொடக்கத்தில் அங்கே ஓங்கியிருந்த ஸ்காவில் பேஸ் ஒவ்வொரு அடிக்கும் ஒரு நோட் என்று நடந்துகொண்டே இருக்கும். வேகம் அதிகம் என்பதால் அது பொருந்தியது. 1966 வாக்கில் ராக்ஸ்டெடி வந்து வேகம் தணிந்ததும், பேஸ் அந்த நடையை விட்டுவிட்டுச் சில நோட்டுகளைக் கொத்தாக வாசித்து, நிறுத்தி, மறுபடி கொத்தாக வாசிக்கும் பாணிக்கு மாறியது. 1968 வாக்கில் உருவான ரெகே அந்தக் கொத்து முறையைத்தான் எடுத்துக்கொண்டது. பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் பேஸ் வாசித்த ஆஸ்டன் பாரெட், டிரம் வாசித்த அவருடைய தம்பி கார்ல்டன் பாரெட் இருவரின் வாசிப்பைக் கவனித்துக் கேட்டால் பேஸ் ஒரு வாக்கியம் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்வது தெளிவாகத் தெரியும்.

சரி, வரியை எப்படி மாற்றுவது? கருவியைக் கீழே வைக்கச் சொன்னேன். டிரம்மையும் கிடாரையும் ஓடவிட்டு, பேஸை வாயால் பாடுங்கள் என்றேன். பாடும்போது மூச்சு எடுத்தாக வேண்டும், அப்போது இடைவெளி தானாக விழுகிறது. விரலுக்கு மூச்சு தேவையில்லை, அதனால்தான் அது நிற்காமல் ஓடுகிறது. அவர் நாலைந்து முறை பாடிய பிறகு வந்தது இது:

```
       ஒண் | ணு | ரெண் | டு | மூ | ணு   | நா | லு
பார் 1:  ஏ  | ·  |  ·    | ·  | இ  | ஜி   | ஏ  | ·
பார் 2:  ·  | ·  |  டி   | ·  | எஃப் | ·  | டி | ·
```

எண்ணிப் பாருங்கள், ஏழு நோட். பேண்டு வாத்தியம் போல் கேட்ட வரியில் எட்டு. ஒரே ஒரு நோட்தான் குறைந்திருக்கிறது, ஆனால் கேட்டால் வேறு உலகம். முதல் பாரில் ஒரு ஏ விழுகிறது, பிறகு 'ரெண்' மேல் டிரம் தனியாக அடிக்கிறது. அதற்குப் பிறகு இ, ஜி, ஏ என்று மூன்று நோட் கீழிருந்து கொத்தாக ஏறி, நாலாம் அடியில் டிரம்மோடு சேர்ந்து இறங்குகிறது. அப்புறம் பேஸ் காணாமல் போகிறது. இரண்டாம் பாரின் 'ஒண்' மேல் டிரம்மின் பெரிய அடியும் இல்லை, பேஸும் இல்லை, கிடாரும் இல்லை. கார்டு டி மைனருக்கு மாறிவிட்டது என்று முதலில் சொல்வது 'ணு'வில் விழும் கிடார் வெட்டு. பேஸ் அதை 'ரெண்' மேல்தான் உறுதி செய்கிறது. கேட்பவர் அந்த இடத்தில் சாய்ந்து கேட்கத் தொடங்குவார்.

கொத்தில் உள்ள ஜி மட்டும் கிடார் வெட்டின் மேலேயே விழுகிறது. அதை நகர்த்தலாமா என்று அவர் கேட்டார், வேண்டாம் என்றேன். எல்லா வெட்டிலும் மோதினால்தான் நெரிசல். ஏழில் ஒன்று மோதினால் அந்த ஒரு இடம் அழுத்தம் பெறுகிறது, கொத்துக்கு அது முதுகெலும்பு மாதிரி.

விரல் வைப்பும் எளிதுதான். ஏ நோட் தடித்த கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட். இ அதே கம்பி திறந்தபடி, ஜி அதே கம்பியின் மூன்றாம் ஃப்ரெட். டி அடுத்த கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட், எஃப் அதற்கு அடுத்த கம்பியின் மூன்றாம் ஃப்ரெட். திறந்த கம்பி இழுபடுமே என்று பயப்பட வேண்டாம். இ-க்குப் பிறகு வரும் ஜி அதே கம்பியில் இருப்பதால் விரல் பட்டதும் இ தானாக அறுந்துவிடும்.

இன்னும் ஒன்று பாக்கி: நோட் எங்கே முடிகிறது? தொடங்கும் இடத்தை எல்லோரும் கவனிப்பார்கள், முடியும் இடத்தை அதன்போக்கில் விட்டுவிடுவார்கள். முதல் பாரின் முதல் ஏ-யை மூன்று விதமாக வாசிக்கச் சொன்னேன். கிடார் வெட்டுவதற்கு முன்பே அறுத்தால் சிணுங்கலாக, அவசரமாகக் கேட்டது. 'மூ' வரை இழுத்தால் டிரம்மின் அடி அதற்குள் புதைந்தது. கிடார் வெட்டைத் தாண்டி இழுத்து, 'ரெண்' மேல் டிரம் விழும் அதே கணத்தில் அறுத்தபோது டிரம் திடீரென்று இரண்டு மடங்கு பெரிதாகக் கேட்டது. டிரம்மின் ஒலியளவை யாரும் தொடவில்லை. பேஸ் விலகிக் கொடுத்த இடத்தில் அது நிமிர்ந்து நின்றது, அவ்வளவுதான்.

அதேபோல் முதல் பாரின் கடைசி ஏ-யை 'லு' வெட்டு விழும்போது அறுக்க வேண்டும். அங்கிருந்து அடுத்த பாரின் 'ரெண்' வரை மூன்று அசை, கிட்டத்தட்ட 1.25 செகண்ட், பேஸ் முழு மௌனம். இந்த க்ரூவின் அடையாளமே அந்த ஒன்றேகால் செகண்ட்தான். அங்கே ஒரு நோட் போடத் தோன்றும். தோன்றும்போது வெறுங்கையைக் கம்பிகள் மேல் வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். பக்கத்துக் கம்பி அதிர்ந்து எழுப்பும் ஒலியையும் அது அடக்கும்.

## அறிகுறி: கொஞ்ச நேரத்தில் தாளம் கவிழ்ந்துவிடுகிறது, அல்லது ஓடத் தொடங்குகிறது

இடம் விட்டதும் வரும் கோளாறு இது. பதினாறு நோட் வாசித்தபோது தம்பி இம்மியும் பிசகவில்லை, ஏழு நோட்டுக்கு வந்ததும் பிசகினார். இரண்டு விதமாக இது வெளிப்படும்.

முதலாவது, கவிழ்வது. எட்டுப் பத்து பார் போனதும் கிடாரின் 'சக்' விழும் இடமே முதல் அடி மாதிரி தோன்றத் தொடங்கும், கால் தானாக அங்கே போய்விடும். ஒண்ணாம் அடியில் டிரம்மின் பெரிய அடியோ கிடாரோ இல்லாததால், காது கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு அதையே 'ஒண்' என்று எண்ணிவிடுகிறது. கண்டுபிடிக்க, வாசித்துக்கொண்டே ஒண்-ணு-ரெண்-டு என்று சத்தமாக எண்ணிப் பாருங்கள். வெட்டு 'ணு'விலிருந்து 'ரெண்'ணுக்கு நழுவினால் கவிழ்ந்துவிட்டீர்கள். மருந்தும் அதே எண்ணிக்கைதான். மனதுக்குள் எண்ணினால் போதாது, வாயைத் திறந்து எண்ண வேண்டும். கிடார் கையும் குரலின் இரண்டாம் அசையும் ஒட்டிக்கொள்ளும் வரை பேஸைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, ஓடுவது. இரண்டாம் பாரின் டி ஒவ்வொரு சுற்றிலும் சற்று முன்னதாக வந்துகொண்டிருந்தது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். கொத்தில் உள்ள மூன்று நோட்டும் கோட்டின் மேலேயே இருந்தன, அந்த டி மட்டும் 30, 40 மில்லிசெகண்ட் முன்னால். நீண்ட மௌனத்துக்குப் பின் வரும் நோட்தான் எப்போதும் முந்தும். மௌனத்தில் கை சும்மா இருப்பதால் பொறுமை இழக்கிறது. திரையில் அந்த நோட்டை இழுத்துக் கோட்டில் ஒட்டவைத்தால் பதிவு சரியாகிவிடும், கை சரியாகாது.

அவருக்கு நான் சொன்னது இது. மௌனமான ஒவ்வொரு அசையிலும் இடது கையால் கம்பியை லேசாகத் தொட்டபடி வலது கையால் தட்டுங்கள். சுரம் இல்லாமல் 'டக்' என்று மட்டும் கேட்கும். இப்படி மௌனத்தை டக் டக் என்று அளந்தபடி பத்து நிமிடம் வாசித்த பிறகு, அந்த டக்கின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் கம்பியில் படாமல் காற்றிலேயே தட்டுங்கள். சத்தம் போய்விடும், அளவு உடம்பில் தங்கிவிடும்.

அது பழகியதும் மெட்ரோனோமை 36-ல் வையுங்கள். வரும் ஒவ்வொரு க்ளிக்கையும் 'ரெண்', 'நா' என்று எண்ணிக்கொள்ளுங்கள். டிரம்மின் கிக் விழும் அதே இடங்கள்தான் அவை. 'ஒண்' எங்கே என்று மெட்ரோனோம் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். முதல் நாள் நாலு பார்கூட நிற்காது. நிற்க ஆரம்பித்ததும் டி தன் இடத்துக்கு வந்துவிடும். தம்பிக்கு இதற்கு ஒரு வாரம் ஆனது.

வேகத்தை மட்டும் குறைத்துவிட்டால் சுலபமாகும் என்று எண்ணி 60-க்கு இறக்காதீர்கள். மௌனம் அதற்கேற்ப நீளும், முந்துவது அதிகமாகும். இந்த வகை க்ரூவைப் பழக 76, 78 என்று சற்று ஏற்றித் தொடங்கி, பிறகு 72-க்கு இறங்குவதே நல்லது.

## அறிகுறி: இடம் இருக்கிறது, ஆனால் வெறிச்சோடிக் கிடக்கிறது

நான்காவது முறை வந்தது பதற்றமான செய்தி. "எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே பண்ணிட்டேன் அண்ணா, இப்ப ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. பேஸ்ல ரெண்டு நோட் சேர்க்கட்டுமா?"

எதில் கேட்டீர்கள் என்று கேட்டேன். போன் ஸ்பீக்கரில் என்றார். அதுதான் விஷயம். பேஸின் அந்த ஏ 55 ஹெர்ட்ஸ், திறந்த இ சுமார் 41 ஹெர்ட்ஸ். போனின் சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பாது. ஏழு நோட்டும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன, அவர் காதுக்கு வரவில்லை. வராத பேஸுக்காக வரியில் நோட் சேர்ப்பது, இத்தனை நாள் செய்த வேலையைக் கரைப்பது. முதலில் நல்ல ஹெட்போனில் கேளுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஹெட்போனிலும் வெறுமையாக இருந்தால் குறை நோட்டின் எண்ணிக்கையில் இல்லை, தடிப்பில். சில நோட்டே வாசிப்பவருக்கு ஒவ்வொரு நோட்டும் கனமாக இருந்தாக வேண்டும். பேஸின் டோன் குமிழியை முக்கால்வாசி குறையுங்கள். பிரிட்ஜ் பக்கம் மீட்டாமல், ஃப்ரெட்போர்டு முடியும் இடத்தில் கட்டைவிரலின் சதையால் மீட்டுங்கள். உள்ளங்கை ஓரம் பிரிட்ஜ் அருகே கம்பியில் லேசாகப் படட்டும். அப்படிச் செய்ய வராதவர்கள் பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் ஒரு மெல்லிய ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகலாம். நோட் உருண்டையாகத் தொடங்கி, தானாகத் தணியும். ஒரு எச்சரிக்கை: டோனை முழுக்க மூடிவிட்டால் நோட்டின் மேல் ஒலிகள் மங்கும். சின்ன ஸ்பீக்கரில் கேட்பவருக்கு பேஸின் தடயத்தைக் காட்டுவது அவைதான். கொஞ்சம் விட்டுவையுங்கள்.

கிடாருக்கு நேர்மாறு. ஈக்வலைசரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். கிடாரைத் தனியாகக் கேட்டால் மெலிந்துபோனது மாதிரி இருக்கும், கவலைப்பட வேண்டாம். பேஸோடு சேர்த்துக் கேட்டால் ஒன்று தரையிலும் ஒன்று கூரையிலும் நின்று நடுவில் ஒரு அறை திறந்திருக்கும். பாடுகிறவர் நிற்கப்போவது அந்த அறையில்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் எதையாவது நிரப்ப ஆசை இருந்தால் அதற்கு ஒரு வழி உண்டு, அதுவும் ஜமைக்காவிலிருந்தே வந்தது. 1970களில் கிங்ஸ்டனில் கிங் டப்பி முதலியோர் பதிவான பாட்டின் தடங்களை மிக்ஸரில் ஒவ்வொன்றாக இழுத்து எடுத்து, மீதியுள்ள ஒரு 'சக்' மேல் மட்டும் எக்கோவை வீசி டப் என்ற வடிவத்தை வளர்த்தார்கள். எக்கோவை எல்லா வெட்டிலும் போட்டால் பழைய நெரிசல் திரும்பிவிடும். எட்டாம் பாரின் கடைசி 'லு' வெட்டுக்கு மட்டும் போடுங்கள். 72 வேகத்துக்கு டிலே நேரம் 625 மில்லிசெகண்ட், அதாவது ஒன்றரை அசை. அந்த நேரத்தில் முதல் எதிரொலி 'ஒண்' முடிந்து 'ணு' தொடங்குவதற்குள், இரண்டு அசைக்கும் சரிபாதியில் விழும். பேஸின் ஏ-யோடும் மோதாது, அடுத்த வெட்டோடும் மோதாது. ஃபீட்பேக்கைக் குறைத்து இரண்டு மூன்று எதிரொலியில் அடங்கும்படி வையுங்கள்.

தம்பியின் கடைசிப் பதிவில் அந்த எக்கோ இருந்தது, வரியில் அதே ஏழு நோட் இருந்தது. ஏழாம் பாரில் மட்டும் அவராகவே ஒரு காரியம் செய்திருந்தார். இ, ஜி, ஏ கொத்தை அடியோடு எடுத்துவிட்டு, 'ஒண்' மேல் விழும் ஏ-யை மட்டும் விட்டிருந்தார். பேஸ் அங்கிருந்து எட்டாம் பாரின் 'ரெண்' வரை வரவே இல்லை. நான் சொல்லிக்கொடுத்தது அல்ல அது. அந்த இடத்தை மூன்று முறை திரும்ப வைத்துக் கேட்டேன்.